வாய் மூடினப்புறமும் பேச்சு ஓடக்கூடாது: 17 நொடிக் காட்சி ஒன்றைத் தமிழில் டப் செய்த கதை

நான் முதன்முதலாகத் தமிழாக்கிய விவசாயப் பயிற்சிப் படத்தை நன்னிலம் பக்கம் ஒரு களத்துமேட்டுக் கொட்டகையில் திரை கட்டிப் போட்டுக் காட்டினார்கள். நானும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழை கிடையாது, இரண்டு பேரிடம் கொடுத்துச் சரிபார்த்திருந்தேன். படம் ஓடி மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு முன்னால் இருந்த ஓர் ஆயா பக்கத்திலிருந்தவரிடம், "அந்தப் பொண்ணு வாயை மூடினப்புறமும் பேசுது பாரு" என்றார். அதற்கப்புறம் அந்த வரிசையில் யாரும் நெல்லைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார்கள்.

தப்பு என்னுடையது. ஆங்கில வசனத்தைத் தாளில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல், ஒரே ராத்திரியில் எழுதி முடித்திருந்தேன். அதே படத்தின் அடுத்த பாகம் கைக்கு வந்தபோது ஒரு காட்சிக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அந்தக் காட்சியை வைத்தே இந்த வேலையைச் சொல்லித் தருகிறேன், ஏனென்றால் மொத்தமே 17 நொடிதான், ஆனால் புதிதாக வருகிறவர் இடறி விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

காட்சி இது. நெல் வயல், வரப்பில் பம்ப். அப்பா சுவிட்சில் கை வைக்கிறார், மகள் தடுக்கிறாள். வயலில் ஓட்டை போட்ட குழாய் ஒன்று பாதி புதைந்து நிற்கிறது. நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கத் தேவையில்லை, குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை விட்டுவிட்டு அப்புறம் பாய்ச்சலாம் என்பதுதான் படம் சொல்லும் சேதி. பூக்கும் பருவத்தில் மட்டும் இப்படிக் காயவிடக் கூடாது. நம்மூரில் இதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று அழகான பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆல்டர்நேட் வெட்டிங் அண்ட் ட்ரையிங் என்று எட்டு அசையில் சொல்வதை நாம் ஆறில் முடித்துவிடுகிறோம், அதனால் பின்னணிக் குரல் வரும் இடங்களில் எனக்குக் கவலையே இருக்கவில்லை. சிக்கல் முகம் தெரியும் இடங்களில்தான்.

முதலில் படம், அப்புறம்தான் தாள்

உங்களுக்குக் கொடுக்கப்படும் ஆங்கில வசனத் தாளை நம்பாதீர்கள். நடித்தவர் தாளில் இருப்பதை அப்படியே பேசியிருக்க மாட்டார், ஒரு சொல்லை விழுங்கியிருப்பார், நடுவில் மூச்சு வாங்கியிருப்பார். முதல் வேலை, காட்சியின் ஒலியைத் தனியாகப் பிரித்து எடுப்பது:

```
ffmpeg -i scene.mp4 -vn -ac 1 -ar 48000 scene.wav
```

அப்புறம் படத்தை Aegisub மாதிரி ஏதாவது இலவச மென்பொருளில் திறந்து, ஒலி அலையைப் பார்த்தே ஒவ்வொரு பேச்சும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் கால் நொடிக்கு மேல் மௌனம் இருந்தால் அதை இரண்டு துண்டாக வெட்டுங்கள். இதில் சோம்பல் பட்டால் பின்னால் எல்லாம் வீண். மகளின் முதல் பேச்சு தாளில் ஒரே வரி, படத்தில் இரண்டு துண்டு, நடுவில் 0.4 நொடி குனிந்து குழாயைப் பார்க்கிறாள்.

ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். ஒன்று, பேசுகிறவரின் வாய் தெரிகிறதா. முகம் நெருக்கத்திலா, தூரத்திலா, முதுகு காட்டி நிற்கிறாரா, அல்லது குரல் மட்டும் கேட்கப் படத்தில் வேறு ஏதோ ஓடுகிறதா. இரண்டு, வாய் தெரிகிறது என்றால் உதடு எங்கே ஒட்டுகிறது. ஆங்கிலத்திலும் சரி, தமிழிலும் சரி, ப, ம ஒலிகளுக்கு இரண்டு உதடும் ஒட்டியே ஆகவேண்டும், அதைத்தான் பார்ப்பவர் கண் பிடிக்கிறது. நாக்கு உள்ளே என்ன செய்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மூன்று, அந்தத் துண்டுக்குள் உடம்பு என்ன செய்கிறது. தலையாட்டலா, கை நீட்டலா, அல்லது அந்தச் சொல்லைக் கேட்டு எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறதா.

மூன்றாவதைத்தான் நான் முதல் படத்தில் சுத்தமாக விட்டிருந்தேன்.

எழுத்தை எண்ணுவது எப்படி

புதியவர்கள் சொல்லை எண்ணுகிறார்கள். பயனில்லை, தமிழில் ஒரே சொல் பத்து அசைக்கு நீளும். நமக்கு ஒரு வசதி இருக்கிறது, ஆங்கிலக்காரருக்கு அது கிடையாது: புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் அதுவே அசைக் கணக்கு. தண்ணீர் என்றால் த, ணீ, இரண்டு. காய்ச்சலும் என்றால் கா, ச, லு, மூன்று. ஆங்கிலத்துக்கு மோவாய்க்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், தாடை எத்தனை முறை கீழே இறங்குகிறதோ அத்தனை அசை.

நொடிக்கு எத்தனை அசை தாங்கும் என்பது குரல் கொடுப்பவரைப் பொறுத்தது. என்னிடம் பேசும் ஆட்களை வைத்துப் பார்த்ததில் ஐந்து, ஆறு நிதானமாக இருக்கிறது. ஏழுக்கு மேல் போனால் பேருந்து நிலையத்தில் ஊர் பெயர் சொல்கிற வேகம் வந்துவிடுகிறது. உங்கள் ஆளை ஒரு பத்து வரி சாதாரணமாகப் பேசவிட்டு நொடி பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் கணக்கு.

அசை எண்ணிக்கை சரியாக வந்தும் பேசும்போது நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த மாத்திரையைத் தூசி தட்டி எடுங்கள். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை, சொல் கடைசியில் வரும் குற்றியலுகரம் அரை. அரையடி நான்கு எழுத்து, நான்கும் நான்கு மாத்திரைதான், ரை நடுவில் வருவதால் ஐகாரக் குறுக்கமாகி ஒன்றாகிவிடுகிறது. காத்தாடி மூன்றே அசைதான், அது ஐந்தரை. தமிழ் ஐயா இதைச் சொல்லித் தந்தபோது எதற்கு என்று நினைத்தேன், இப்போது தினமும் இதில்தான் சோறு.

முதல் வரி: பம்பில் உதடு எங்கே ஒட்டுகிறது

மகள், முகம் நெருக்கத்தில்: "டோன்ட் பம்ப் யெட், டாட்." 1.1 நொடி, நான்கு அசை. பம்ப் என்னும் இரண்டாவது அசையில் உதடு அழுத்தமாக ஒட்டுகிறது, மற்ற மூன்றிலும் வாய் திறந்தே இருக்கிறது.

தாளில் வைத்து எழுதினால் "இன்னும் மோட்டாரைப் போட வேண்டாம் அப்பா" என்று வரும். பதினோரு அசை, நொடிக்கு பத்து, ஓடாது. "போடாதீங்கப்பா" என்று சுருக்கினேன், ஐந்துதான், ஆனால் உதடு ஒட்டுவது முதல் எழுத்திலேயே வந்துவிட்டது, திரையில் அப்போது வாய் திறந்திருக்கிறது. "இப்ப வேணாம்ப்பா" என்று பார்த்தேன், ஐந்து அசை, ப்ப சரியாகப் பம்ப் மேல் உட்கார்ந்தது. ஆனால் கடைசி ப்பாவில் இன்னொரு முறை உதடு ஒட்டவேண்டும், அங்கே அவள் டாட் என்று வாயை அகலத் திறக்கிறாள்.

இந்த இடத்தில்தான் ஒன்று புரிந்தது. ஆங்கிலத்தில் அப்பாவைக் கூப்பிட உதடு ஒட்டவேண்டாம், தமிழில் ஒட்டாமல் அப்பாவைக் கூப்பிடவே முடியாது. அம்மாவுக்கும் அப்படித்தான். உறவுப்பெயர் எங்கே விழுகிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் மீதிச் சொற்கள் தானாகச் சுற்றி அமர்ந்துவிடும். அப்பாவை முன்னால் கொண்டுவந்தேன்:

"அப்பா வேணாம்."

டோன்ட் மேல் அ, பம்ப் மேல் ப்பா, யெட் மேல் வே, டாட் மேல் ணாம். நான்குக்கு நான்கு, ஒட்டும் இடமும் ஒன்று. கடைசியில் ம் இருக்கிறதே, உதடு ஒட்டாதா என்று கேட்பீர்கள். கண்ணாடி முன்னால் நின்று வேணாம் என்று வீட்டில் சொல்வது போலச் சொல்லிப் பாருங்கள். பேச்சில் அந்த ம் மூக்கில் போய்விடுகிறது, உதடு திறந்தபடியே நிற்கும். வேண்டாம் என்று மேடைத் தமிழில் அழுத்திச் சொன்னால்தான் ஒட்டும். வசனம் எழுதும்போது பேச்சுத் தமிழ் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், வெறும் இயல்பு மட்டும் அல்ல.

பம்ப் என்ற சொல் போய்விட்டதே? போகட்டும். முந்தைய ஷாட்டில் அவர் கை சுவிட்சில் இருக்கிறது. படம் சொல்லிவிட்டதை வசனம் திரும்பச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த துண்டு: "லுக் இன்சைட் த பைப் ஃபர்ஸ்ட்." 1.4 நொடி, ஆறு அசை. "மொதல்ல குழாய்க்குள்ள பாருங்க" என்றால் பத்து. முதலில் என்ற கருத்தை விட்டால் விஷயமே கெட்டுவிடும். நம் மொழியில் அதற்குத் தனிச் சொல் தேவையில்லை, பார்த்துவிட்டு என்ற வினையெச்சத்துக்குள்ளேயே முதலில் இருக்கிறது:

"குழாயப் பாத்துட்டு."

ஆறு அசை. கடைசி இரண்டும் பேச்சில் பாதியாகத் தேய்கின்றன, அதனால் நிதானமாகச் சொல்ல இடமும் கிடைக்கிறது. பா, பைப்புக்கு ஒரு அசை முன்னால் விழுகிறது, ஆனால் அவள் தலை குனிந்திருப்பதால் தெரியவில்லை. குரல் கொடுத்த பெண், "பாத்துட்டு என்ன செய்யணும்னு இல்லியேண்ணா" என்றாள். சுவிட்சில் இருக்கிற கைதான் மீதி வாக்கியம் என்றேன், சொல்லிப் பார்த்தாள், சரி என்றாள்.

வாய் தெரியாத இடம் ஒரு சேமிப்பு

அடுத்து குழாயின் வாய் மட்டும் திரையில், அப்பாவின் குரல்: "ஐ சீ நோ வாட்டர்." யார் உதடும் தெரியவில்லை. இப்படிப்பட்ட இடங்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், வேறு வரியில் இடமில்லாமல் விட்டதை இங்கே சேர்க்கலாம். எனக்கு இந்தக் காட்சியில் சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை, "தண்ணியே காணுமே" என்று விட்டுவிட்டேன். 1.2 நொடிக்கு ஆறு அசை, போதும். இடம் இருக்கிறதே என்று நிரப்பத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். வாய் தெரியாவிட்டாலும் அடுத்தவர் பேசத் தொடங்குவதற்கு முன் முடிந்தாகவேண்டும், இல்லையென்றால் இருவரும் சண்டை போடுவது போலக் கேட்கும்.

வினைச்சொல் கடைசியில் வருவதால் வரும் வம்பு

இப்போது மகள் மூன்று துண்டு பேசுகிறாள். "தேர் இஸ் வாட்டர்." "இட்ஸ் ஒன்லி டென் சென்டிமீட்டர்ஸ் டவுன்." "வெயிட் டில் இட் ஹிட்ஸ் ஃபிஃப்டீன்." இந்தக் கடைசித் துண்டுதான் காட்சியின் உயிர். ஃபிஃப்டீன் என்ற சொல் தொடங்கும் ஃபிரேமில் படம் அப்பாவின் முகத்துக்குத் தாவுகிறது, அங்கிருந்து ஐந்தாவது ஃபிரேமில் அவர் புருவம் மேலே போகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படம், ஆகவே 0.2 நொடி.

ஆங்கிலத்தில் எண் கடைசியில் வருகிறது. தமிழில் நேராக எழுதினால் "பதினஞ்சு சென்டிமீட்டர் வர்ற வரைக்கும் பொறுங்க" என்று எண் முதலில் வந்து, பொறுங்க கடைசியில் வரும். அசைக் கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இதை மட்டும் படத்தோடு ஓட்டிப் பாருங்கள். புருவம் பொறுங்க என்ற சொல்லுக்கு உயர்கிறது. பதினஞ்சா, பயிர் தாங்குமா என்று திடுக்கிட்ட விவசாயி, பொறுக்கச் சொன்னதற்குக் கோபப்படுகிற கிழவராக மாறிவிடுகிறார். உதடு முழுக்கப் பொருந்தினாலும் காட்சி பொய்யாகிவிடும். என் முதல் படத்தில் இப்படி எத்தனை முகங்களைக் கெடுத்தேனோ தெரியாது.

எழுத்துத் தமிழ் வினைமுற்றைக் கடைசியில்தான் வைக்கும். பேச்சு அப்படியில்லை, முக்கியமானதைச் சொல்லி முடித்துவிட்டு மீதியை வால் போலத் தொங்கவிடுவோம். "வந்துட்டான் பாரு, உன் தம்பி", "கேட்டுச்சா, நான் சொன்னது". அந்த வாலை நான் பிடித்துக்கொண்டேன்:

"எறங்கட்டும்... அரையடி."

எறங்கட்டும் நான்கு அசை, வெயிட் டில் இட் ஹிட்ஸ் நான்கு அசை. இரண்டிலும் உதடு ஒட்டுவதில்லை, கடைசி ம் வேணாம் போலவே மூக்கில் போய்விடுகிறது. 11.4 நொடியில் தொடங்கி 12.1க்குள் எறங்கட்டும் முடிகிறது. சின்ன இடைவெளி. 12.3ல் படம் தாவுகிறது, அரையடி அங்கே தொடங்குகிறது, 12.5ல் புருவம். அப்பா முகம் திரையில் இருக்கும்போது மகளின் உதட்டைப் பற்றி நமக்குக் கவலையில்லை.

15 சென்டிமீட்டரும் அரையடியும் ஒன்றுதானா என்றால், அரையடி 15.24. வயலில் அது வித்தியாசமே இல்லை, நம் ஆட்கள் அடியிலும் இஞ்சிலும்தான் நினைக்கிறார்கள். ஆனால் பின்னால் ஓரிடத்தில் திரையில் 15 cm என்று எழுத்து வருகிறது. அதை அப்படியே விட்டால் பார்ப்பவர் குழம்புவார். அங்கே பின்னணிக் குரல், வாய் கிடையாது, அதனால் "பதினஞ்சு சென்டிமீட்டர், நம்ம கணக்குக்கு அரையடி" என்று முடிச்சுப் போட்டுவிட்டேன். திரையில் அளவுகோலே நெருக்கமாகத் தெரிகிற காட்சியாக இருந்தால் அரையடி சொல்லியிருக்க மாட்டேன், கண் பார்க்கும் எண்ணைத்தான் காது கேட்கவேண்டும்.

நடுத்துண்டு, டென் சென்டிமீட்டர்ஸ். ஒன்பது அசை, அதில் ஏழாவதான மீயில் உதடு ஒட்டுகிறது. நான் "நாலு அங்குலம் கீழ இருக்கு" என்று எழுதிப் பெருமையாக வைத்திருந்தேன், அசைக் கணக்கும் ஏறக்குறைய சரியாகவே வந்தது. அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் என் சித்தப்பா, திருவிடைமருதூர் பக்கம் நாலு மா நிலம் வைத்துச் சொந்தமாகப் பயிர் செய்கிறவர். தாளைப் பார்த்துவிட்டு, "அங்குலம்னு யாருடா சொல்றா, தச்சனா? இஞ்சுன்னு போடு" என்றார். போட்டேன். இஞ்சு போட்டதும் ஓர் அசை மிச்சம் வந்தது, இருக்கு என்பதையும் எடுத்துவிட்டேன், அந்த இடத்தில் ஒன்லிக்கு ஒரு தான் சேர்த்தேன், கூடவே ஒரு ப்பா:

"நாலு இஞ்சு கீழதாம்ப்பா."

எட்டு அசை. முதல் வரியில் தொந்தரவு கொடுத்த அதே அப்பா இங்கே கைகொடுத்தார், ம்ப்பாவில் ஒட்டும் உதடு மீட்டரின் மீயோடு கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்துவிட்டது. டவுன் என்று வாய் நீளும் நேரத்துக்குப் பாவைக் கொஞ்சம் இழுத்தால் போதும்.

முதல் துண்டுக்கு "இருக்கு தண்ணி" என்று வைத்தேன், "தண்ணி இருக்கு" அல்ல. அவள் இஸ் என்று சொல்லும்போது தலையாட்டுகிறாள், அந்த ஆட்டலுக்கு இருக்குதான் பொருந்தும்.

ங்க போடுவதா வேண்டாமா

அப்பாவை மகள் நீங்க என்பாளா நீ என்பாளா? எங்கள் பக்கத்தில் இரண்டு விதமான வீடும் உண்டு. பொதுக்கொட்டகையில் பெரியவர்கள் பார்க்கப்போகும் படத்தில் நீ, போடு, பாரு என்று வந்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். ங்க போட்டால் ஒவ்வொரு வினைக்கும் ஓர் அசை கூடும், குட்டி வரிகளில் அது பெரிய செலவு. ஆகவே முன்னிலை வினையே வராமல் எழுதிவிட்டேன். மேலே போய்ப் பாருங்கள், வேணாம், பாத்துட்டு, எறங்கட்டும், எதிலும் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. அவள் கடைசி வரியும் அப்படித்தான்.

அதற்கு முன் அப்பாவின் வரி. ஃபிஃப்டீன் முடிந்து 0.8 நொடி அவர் பேசுவதில்லை, வயலைப் பார்க்கிறார். புதியவருக்குக் கை அரிக்கும் இடம் இது, "என்னது" "அடேயப்பா" என்று ஏதாவது போடத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் மெதுவாக: "அண்ட் இஃப் மை கிராப் டைஸ்?" 1.5 நொடி. மையிலும் கிராப்பிலும் உதடு ஒட்டுகிறது, அதற்கு முந்திய இரண்டு அசையில் வாய் சும்மா திறந்திருக்கிறது. அந்த இரண்டுக்கும் சரி:

"சரி, பயிர் போச்சுன்னா?"

பயிரில் ஒரு ஒட்டல், போச்சில் ஒரு ஒட்டல். ஏழு அசை, நிதானமாகச் சொல்லலாம். மகள் சிரித்துக்கொண்டே: "தென் பிளேம் மீ." 0.9 நொடி, மூன்று அசை. "என்னைத் திட்டுங்க" என்றால் உதடு ஒட்டவே ஒட்டாது. "எம்மேல போடுங்க" அழகாக ஒட்டுகிறது, ஆனால் ஆறு அசை, சிரிப்பு வரவேண்டிய இடத்தில் இன்னும் பேசிக்கொண்டிருப்பாள், நன்னிலத்து ஆயா சும்மா விடமாட்டார். ஒரு பகல் பூரா இதிலேயே போனது. கடைசியில் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ யாரிடமோ சொன்ன சொல் காதில் விழுந்தது:

"எம்பொறுப்பு."

நான்கு அசை, கடைசி உகரம் தேய்ந்து மூன்றரை. பிளேமுக்கு ம்பொ, மீக்கு ப்பு. குறை சொல் என்பது பொறுப்பு என்று மாறினாலும் நம்மூரில் ஒரு மகள் அப்பாவிடம் இதைத்தான் சொல்வாள்.

பதிவு

நான் பதிவு செய்வது கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில். கீழ்த்தெருவில் பாத்திரம் அடிக்கிற பட்டறை, எட்டரை மணிக்குத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மின்விசிறியை அணைத்து, சுவரில் இரண்டு மெத்தையைச் சாய்த்து வைத்து, குரல்காரர் காதில் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் மட்டும் மாட்டிப் பேசவிடுவேன். பேச்சுக்கு முன் ஒரே இடைவெளியில் மூன்று பீப் வைத்துவிடுங்கள், நான்காவது பீப் விழவேண்டிய இடத்தில் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். கை காட்டித் தொடங்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல், இரண்டு டேக்கில் பழகிவிடும்.

குறித்த நேரங்களை SRT கோப்பாகவே வைத்துக்கொண்டால் பேசுகிறவர் திரையிலேயே பார்க்கலாம்:

```
6
00:00:11,400 --> 00:00:12,900
எறங்கட்டும்... அரையடி
```

பதிவானதைப் படத்தோடு சேர்த்துப் பார்க்க:

```
ffmpeg -i scene.mp4 -i tamil.wav -map 0:v -map 1:a -c:v copy out.mp4
```

கொஞ்சம் முன்பின்னாக விழுந்த துண்டுகளைக் கையால் நகர்த்தவேண்டியிருக்கும். இதில் ஒரு விதி தெரிந்துகொள்ளுங்கள். ஒலி படத்துக்கு முந்தினால் கண் உடனே பிடிக்கும், பிந்தினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி முந்துவது சுமார் 45 மில்லி நொடியிலேயே தெரியத் தொடங்கும், பிந்துவது சுமார் 125 ஆனால்தான் தெரியும். 25 ஃபிரேம் படத்தில் முன்னால் ஒரு ஃபிரேம், பின்னால் மூன்று. ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள், துணி கல்லில் விழுந்தபின் சத்தம் வருகிறது, யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை. சத்தம் முதலில் வந்து துணி அப்புறம் விழுந்தால் பயந்துவிடுவோம். ஆகவே சந்தேகம் வந்தால் பின்னால் தள்ளுங்கள்.

துண்டு நீளமாகிவிட்டால் Audacity மென்பொருளில் Change Tempo வைத்து இறுக்கலாம். ஐந்து சதவீதத்துக்கு மேல் இறுக்கினால் என் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் வசனம் தப்பு, திரும்ப எழுதுங்கள்.

ஆங்கிலக் குரல் இல்லாமல் இசையும் சூழல் சத்தமும் மட்டும் உள்ள டிராக்கை வேலை வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு அது கிடைக்கவில்லை, குரலை எடுத்ததும் குருவியும் காற்றும் சேர்ந்து போய்விட்டன, மகள் கிணற்றுக்குள் நின்று பேசுவது போல இருந்தது. சித்தப்பா வயல் வரப்பில் காலை ஆறு மணிக்குப் போய் ஐந்து நிமிடம் செல்போனில் பதிந்து அடியில் ஓட்டினேன். நம்மூர்க் குருவிதான், வெளிநாட்டு வயலில் கத்துகிறது, யாரும் கேட்கவில்லை.

முடித்தபின் ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை படத்தைப் பார்த்தபடி நீங்களே வாயசைத்துப் பாருங்கள், உங்கள் உதடு எங்கே தடுக்குகிறதோ அங்கே தப்பு. எனக்கு இந்த 17 நொடியில் ஓர் இடம் இன்னும் தடுக்குகிறது. "இருக்கு தண்ணி"யில் தண்ணி வரும்போது அவள் வாட்டர் என்று உதட்டைக் குவிக்கிறாள், த என்பதற்கு உதடு குவியாது. தண்ணிக்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன். ஈரம் என்றால் பொய், நீர் என்றால் நாடகம். தலையாட்டல் சரியாக விழுந்திருக்கிறது, அதனால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.